ஹார்ட் ஃபெயிலியர் பேஷன்ட்டுக்கு டிஸ்சார்ஜ் விவரம் சொல்றப்போ டீச் பேக் எப்படி பண்றது: அடிக்கடி வர்ற கேள்விகள்

டீச் பேக்னா என்னங்க, சுருக்கமா சொல்லுங்க?

நீங்க ஒரு விஷயத்தை சொல்லிட்டு, அதை பேஷன்ட் தன்னோட வார்த்தையில திருப்பி சொல்லவோ செஞ்சு காட்டவோ கேக்கறீங்க. எங்க தப்பா புரிஞ்சிருக்காங்களோ அந்த இடத்தை மட்டும் வேற மாதிரி சொல்லிட்டு மறுபடியும் கேக்கறீங்க, சரியா வர்ற வரைக்கும். அவ்வளவுதான். இதுல பரீட்சை எழுதறது பேஷன்ட் இல்ல, நாம சொன்ன விதம்தான், அதனால கேள்வியையும் அப்படியே ஆரம்பிக்கணும்: "ஐயா, நான் வேகமா சொல்லிட்டேனோன்னு தோணுது, சரியா சொன்னேனான்னு பாத்துக்கறேன், வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்கன்னு எனக்கு ஒரு தடவ சொல்லுங்க." இந்த ஒரு வரி இல்லாம நேரா "சொல்லுங்க பாப்போம்"னு கேட்டா பெரியவங்க ஸ்கூல் பையன் மாதிரி முழிப்பாங்க, சிலருக்கு கோபமும் வரும்.

"புரிஞ்சுதா"ன்னு கேட்டா "புரிஞ்சுது சிஸ்டர்"னு சொல்றாங்களே, அது போதாதா?

போதாது. நம்ம ஊர்ல டாக்டர் முன்னாடி, சிஸ்டர் முன்னாடி "புரியல"ன்னு சொல்றது மரியாதை இல்லன்னு நினைக்கிறவங்க நிறைய பேரு, வீட்டுக்கு அனுப்பினா போதும்னு தலையாட்டறவங்களும் நிறைய. ஆமா, இல்லன்னு பதில் வர்ற கேள்வி எதுவா இருந்தாலும் அது எதையும் காட்டாது.

இன்னொண்ணும் சொல்லணும். நாம சொன்ன வாக்கியத்தையே அப்படியே ஒப்பிச்சாலும் அது டீச் பேக் ஆகாது, "தினமும் எடை பாக்கணும், உப்பு கம்மி, தண்ணி கம்மி"ன்னு யாரு வேணா சொல்லிடலாம். ஹார்ட் ஃபெயிலியர்ல பேஷன்ட் வீட்டுல தனியா முடிவு எடுக்கற இடம் சிலது இருக்கு, இன்னைக்கு போன் பண்ணணுமா வேணாமா, இந்த மாத்திரையை இப்ப போடலாமா, இந்த வலிக்கு மெடிக்கல்ல என்ன வாங்கறது, இப்படி. அந்த இடத்துல ஒரு சூழ்நிலைய குடுத்து "அப்ப என்ன செய்வீங்க"ன்னு கேக்கணும். உண்மையில தப்பு வெளிய வர்றது அங்கதான்.

எல்லாத்தையும் டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொல்லிடலாமா?

வேணாம்ங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு பில்லு, இன்சூரன்ஸ், ஆட்டோ, மாத்திரை வாங்க ஃபார்மஸி க்யூ, எல்லாருக்கும் மனசு வாசல்ல இருக்கும். மூச்சுத்திணறல் கொறஞ்சு பேஷன்ட் நிமிர்ந்து உக்காந்து பேசற நிலைமைக்கு வந்த மறுநாளே ஆரம்பிச்சிடுங்க, ஒரு நாளைக்கு ஒரு விஷயம். முதல் நாள் எடை, அடுத்த நாள் தண்ணி மாத்திரை, அப்புறம் சாப்பாடு. ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கும்போது நேத்து சொன்னதை முதல்ல கேளுங்க, ராத்திரி தூங்கி எழுந்தும் நினைவு இருக்குன்னா அது வீட்டுக்கும் போகும். டிஸ்சார்ஜ் அன்னைக்கு புதுசா எதுவும் வேணாம், திருப்பி கேக்கறது மட்டும்தான்.

எடை பாக்கறதை எப்படி சொல்றது? ஒரு ஸ்கிரிப்ட் குடுங்களேன்.

ஒரு உதாரணம் வச்சுக்கலாம். 61 வயசு தையல்காரர், இதயத்தோட பம்பிங் 30 சதவீதம், கால் வீங்கி படுக்க முடியாம வந்தவரு. அட்மிட் ஆகும்போது 68 கிலோ, இப்ப 62.5. பக்கத்துல மனைவி.

சிஸ்டர்: "ஐயா, வந்தப்போ 68, இன்னைக்கு 62.5. கொறஞ்ச அஞ்சரை கிலோ சதை இல்ல, உடம்புல தேங்கி நின்ன தண்ணி. ஒரு லிட்டர் தண்ணி சேந்தா ஒரு கிலோ ஏறும். கால் வீங்கறதுக்கும் மூச்சு வாங்கறதுக்கும் முன்னாடியே பல பேருக்கு மெஷின்ல தெரிஞ்சிடும், அதனாலதான் தினமும் பாக்கச் சொல்றோம். காலையில எழுந்து, ஒண்ணுக்குப் போயிட்டு, காபி குடிக்கறதுக்கு முன்னாடி, லேசான துணியோட, தினமும் அதே மெஷின்ல பாத்து நோட்டுல எழுதிடுங்க. ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறினாலோ, மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினாலோ அன்னைக்கே இந்த நம்பருக்கு போன். நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், நாளைக்கு வீட்டுல கண்ணு முழிச்சதுல இருந்து என்ன பண்ணுவீங்க, வரிசையா சொல்லுங்க."

அவரு: "எழுந்து பல்லு வெளக்கி ஒரு காபி குடிச்சிட்டு, எடை பாத்து எழுதுவேன்."

இங்க "இல்லங்க, தப்பு"ன்னு சொல்லக்கூடாது. "எழுதறது சரியா சொன்னீங்க. காபிய மட்டும் பின்னாடி தள்ளிக்கலாம், ஒரு நாள் குடிச்சிட்டு ஒரு நாள் குடிக்காம பாத்தா ரெண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. இப்ப மறுபடி சொல்லுங்க." மறுபடி சொல்ல வைக்கறதை விட்டுடாதீங்க, நிறைய பேரு திருத்தம் சொன்னதோட நிறுத்திடறாங்க.

அடுத்தது சூழ்நிலை. ஒரு பேப்பர்ல எழுதியே காட்டுங்க.

சிஸ்டர்: "உங்க வீட்டு மெஷின்ல திங்கக்கிழமை 63. செவ்வாய் 63.6. புதன் 64.4. வியாழன் 65.1. கால் வீங்கல, மூச்சும் நல்லாத்தான் இருக்கு. வியாழக்கிழமை காலையில என்ன பண்ணுவீங்க?"

அவரு: "ஒரு நாளைக்கு ஒரு கிலோ எங்கயும் ஏறலையே. கால் வேற வீங்கல. நல்லா சாப்புடறேன்ல, ஒடம்பு தேறியிருக்கும். வெள்ளிக்கிழமையும் பாத்துட்டு சொல்லலாம்."

இந்த பதில்ல ரெண்டு தப்பு இருக்கு. நேத்து எண்ணோட மட்டும் ஒப்பிட்டுட்டாரு, திங்கள்ல இருந்து 2.1 கிலோ ஏறினது கண்ணுல படல. அதை விட பெரிசு, எடை ஏறறதை நல்ல சேதியா எடுத்துக்கறாரு, நம்ம வீடுகள்ல இது ரொம்ப சகஜம், ஆஸ்பத்திரியில இருந்து வந்தவரு பூசின மாதிரி இருந்தா பாக்கறவங்க எல்லாம் சந்தோஷப்படுவாங்க. அதனால ரெண்டையும் தனித்தனியா திருத்தணும்.

சிஸ்டர்: "சதை போடணும்னா வாரக்கணக்கு மாசக்கணக்கு ஆகும் ஐயா. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது தண்ணிதான், வேற எதுவும் அவ்வளவு வேகமா ஏறாது. கணக்கு போட வேணாம், சுலபமாக்கிடறேன். திங்கக்கிழமை 63, அதுக்கு ரெண்டு கிலோ மேல 65, அதை உங்க நோட்டு மேல செவப்பு பேனாவுல எழுதறேன். அந்த எண்ணைத் தொட்டா எப்படி இருந்தாலும் போன், கால் வீங்கினாலும் வீங்கலைன்னாலும். இப்ப சொல்லுங்க, வியாழக்கிழமை?"

அவரு: "65.1. செவப்பத் தாண்டிடுச்சு. போன் பண்ணணும்."

சிஸ்டர்: "யாரு பண்ணுவீங்க?"

அவரு: "இவ பண்ணுவா."

சிஸ்டர்: "அம்மா, போன் எடுத்து என்ன சொல்லுவீங்க?"

மனைவி வாயில இருந்து "இவருக்கு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறியிருக்கு, தண்ணி மாத்திரை காலையில ஒண்ணு போடறாரு"ன்னு வந்துட்டா அந்த நாள் வேலை முடிஞ்சுது. மெதுவா மெதுவா ஏறறதையும் இந்த செவப்பு எண் பிடிச்சிடும். ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறினா மட்டும் செவப்பு வரைக்கும் காத்திருக்க வேணாம்னு தனியா ஒரு தடவ சொல்லி, அதையும் கேட்டுடுங்க. எந்த எண்ணுல கூப்பிடணும்ங்கறதை அந்த பேஷன்ட்டோட டாக்டர்தான் சொல்லணும், ஒல்லியானவங்களுக்கு இன்னும் கம்மியாவே வைப்பாங்க.

டிஸ்சார்ஜ்ல 62.5, வீட்டு மெஷின்ல மறுநாளே 63.4 காட்டுது, பயந்துட்டாங்க. இதுக்கு என்ன சொல்லணும்?

மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரத்தான் செய்யும். அதனால வார்டு எடையை அடிப்படையா வைக்கச் சொல்லாதீங்க. வீட்டுக்குப் போன மறுநாள் காலையில வீட்டு மெஷின் காட்டற எண்தான் அடிப்படை, செவப்பு எண் அதுல இருந்து ரெண்டு கிலோ மேல. அன்னைக்கே போன்ல கேட்டு நீங்களே சொல்லி எழுத வச்சிடுங்க. ஆனா வித்தியாசம் ரொம்ப பெரிசா இருந்தாலோ, கூடவே மூச்சு வாங்குதுன்னாலோ மெஷின் மேல பழி போடாம வரச் சொல்லணும். மெஷினை பாய் மேலயோ கால்மிதி மேலயோ வைக்காம வெறும் தரையில வைக்கச் சொல்லுங்க.

எடை மெஷின் வாங்க வசதி இல்லன்னா?

பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ மெடிக்கல் ஷாப்புலயோ இருக்கற மெஷின்ல வாரத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது அதே நேரத்துல பாக்கலாம். தினசரி வேற அடையாளம் வச்சுக்கணும். ராத்திரி எத்தனை தலகாணி வச்சா படுக்க முடியுது, செருப்பு வார் இறுக்குதா, முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டைவிரலால அழுத்திட்டு எடுத்தா குழி நிக்குதா. இதை வாயால சொல்லாம அவங்க கால்லயே அவங்களை அழுத்தி பாக்க வைங்க, அதுவும் டீச் பேக்தான். மெஷின் அளவுக்கு இது சீக்கிரமா காட்டாதுங்கறதை மறைக்காம சொல்லிடுங்க.

தண்ணி மாத்திரை பத்தி என்ன கேக்கணும்?

மாத்திரை பேரு தெரியுதான்னு கேக்கறது அப்புறம். முதல்ல இதை கேளுங்க: "நாளைக்கு காலையில பஸ்ல மூணு மணி நேரம் கல்யாணத்துக்குப் போறீங்க, இந்த மாத்திரையை என்ன பண்ணுவீங்க?" பெரும்பாலும் வர்ற பதில், "அன்னைக்கு ஒரு நாள் விட்டுடுவேன், வழியில எங்க போய் எறங்கறது?" அவங்க சொல்றது நியாயமான கஷ்டம், பொம்பளைங்களுக்கு இன்னும் கஷ்டம், அதனால திட்டாம வழி சொல்லணும். ஃபுரோசிமைடுங்கற தண்ணி மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை ஆரம்பிச்சு சுமார் ஆறு மணி நேரத்துல அடங்கிடும். "போய் சேந்தப்புறம் போடுங்க, சாயந்திரம் நாலு மணிக்குள்ள போட்டா ராத்திரி தூக்கம் கெடாது. ஆனா விடக்கூடாது, விட்டதுக்காக மறுநாள் ரெண்டா சேத்தும் போடக்கூடாது. இப்ப சொல்லுங்க, கல்யாணத்துக்குப் போற அன்னைக்கு எப்ப போடுவீங்க?"

இன்னொரு தப்பு, "மாத்திரையால நெறைய போகுதே, அதுக்கு ஈடா தண்ணி குடிக்கணும்ல"ன்னு நினைக்கறது. இது கேக்காம வெளிய வராது. "ஒண்ணுக்கு நிறைய போற அன்னைக்கு தண்ணி எவ்வளவு குடிப்பீங்க"ன்னு கேட்டு பாருங்க.

மூணாவது கேள்வி, "முட்டி வலி வந்தா மெடிக்கல்ல என்ன கேப்பீங்க?" இதுல வர்ற பதிலை கவனமா கேளுங்க. "வலி மாத்திரை குடுங்க"ன்னு கேட்டா டைக்ளோஃபெனாக்கோ ஐப்யூப்ரோஃபெனோ வர்ற வாய்ப்பு நிறைய, ரெண்டுமே உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வச்சு, கிட்னிக்குப் போற ரத்தக்குழாயையும் இறுக்கி, தண்ணி மாத்திரை வேலையை கெடுத்துடும். பத்து நாள் ஆஸ்பத்திரியில இறக்கின தண்ணி ஒரு வார வலி மாத்திரையில திரும்பி வந்துடலாம். "எனக்கு ஹார்ட் வீக்கு, பாராசிட்டமால் மட்டும் குடுங்க"ங்கற வாக்கியத்தை அவங்க வாயால சொல்ல வைங்க, தண்ணியில போட்டு பொங்கற மாத்திரை வேணாம்னும் சேத்துக்கோங்க, அதுல உப்பு நிறைய.

வாந்தியோ வயித்துப்போக்கோ வந்து சாப்பிட முடியாத அன்னைக்கு எல்லா மாத்திரையும் வழக்கம் போல போடறதா, நிறுத்தறதாங்கறதை அவங்களா முடிவு பண்ணாம அன்னைக்கே போன் பண்ணணும். எடை விறுவிறுன்னு ரெண்டு கிலோ இறங்கி எழுந்தா தலை சுத்துதுன்னாலும் அதே மாதிரி போன், அது தண்ணி அளவுக்கு மீறி போயிட்டதுக்கான அடையாளம்.

உப்பு கம்மி பண்ணிட்டோம்னு சொல்றாங்க, ஆனாலும் கால் வீங்கிட்டே வருது. டீச் பேக்ல எங்க கோட்டை விட்டோம்?

அனேகமா தப்பான ஆள்கிட்ட கேட்டிருப்பீங்க. சமைக்கறவங்க பக்கத்துல இல்லாத நேரத்துல உப்பு பத்தி பேசறது வீண், மனைவியோ மருமகளோ வர்ற நேரமா பாத்து வைங்க. அவங்ககிட்டயும் "உப்பு கம்மியா போடுங்க"ன்னு சொல்லிட்டு விடாதீங்க. "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இவரு என்னம்மா சாப்பிட்டாரு"ன்னு கேளுங்க. குழம்புல பாதி உப்புதான் போட்டிருப்பாங்க, ஆனா சப்புன்னு இருக்குன்னு ஓரமா ஊறுகா, தயிர் சாதத்துக்கு மோர் மிளகா, ரெண்டு அப்பளம், ஞாயித்துக்கிழமை கருவாடு, சாயந்திரம் டீக்கடை பிஸ்கட்டு. குழம்புல கொறைச்சது எல்லாம் இங்க திரும்பி வந்திருக்கும். யாரும் மறைக்கறது இல்ல, அதெல்லாம் உப்புன்னு தோணாது, அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராம், அதாவது தலைதட்டின ஒரு டீஸ்பூன். ஒரு ஸ்பூனையும் உப்பு டப்பாவையும் கையில குடுத்து அளந்து காட்டச் சொல்லுங்க, கிட்டத்தட்ட எல்லாருமே முதல்ல குவிச்சுத்தான் எடுப்பாங்க. அந்த ஒரு ஸ்பூனை காலையிலயே தனி டப்பாவுல எடுத்து வச்சு, அவருக்கு அன்னைக்கு எல்லாம் அதுல இருந்துதான்னு வச்சுக்கிட்டா கணக்கு தப்பாது, சோறுல உப்பு வேணாம். அப்புறம் கேளுங்க: "ஐயா தட்டை தள்ளி வச்சுட்டு ஊறுகா இல்லாம எறங்காதுன்னு சொல்றாரு, என்னம்மா பண்ணுவீங்க?" எலுமிச்சை, புளி, மிளகுத்தூள், பூண்டுன்னு அவங்களே ஒரு வழி சொல்லுவாங்க, அவங்க சொன்ன வழிதான் வீட்டுல நடக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருக்கணும். கடையில குறைஞ்ச சோடியம் உப்புன்னு விக்கறதுல பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை போடறவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தாறுமாறாகற ஆபத்து இருக்கு. "உப்புக்கு பதிலா எதை வாங்குவீங்க"ன்னு கேளுங்க, அந்த பாக்கெட் பேரு வந்தா அங்கயே நிறுத்துங்க. தினமும் எளநீ குடிக்கறதும் இதே கதை, டாக்டர்கிட்ட கேக்காம வேணாம்.

ஒன்றரை லிட்டர்னு சொன்னா கணக்கு வச்சுக்க மாட்டேங்கறாங்க.

முதல்ல, எல்லாருக்கும் தண்ணி அளவு கிடையாது, டாக்டர் எழுதியிருந்தா மட்டும் சொல்லுங்க. எழுதியிருந்தா காலையில ஒரு பாட்டில்ல ஒன்றரை லிட்டர் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. காபி, மோர், ரசம், கஞ்சி எது குடிச்சாலும் அதே அளவு தண்ணியை பாட்டில்ல இருந்து வெளிய எடுத்துடணும், மிச்சம் இருக்கறதுதான் இன்னும் குடிக்கலாம். கேக்க வேண்டிய கேள்வி இது: "காலையில ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்சாச்சு, பாட்டில்ல என்ன பண்ணுவீங்க?" கஞ்சி சாப்பாடு, தண்ணி கணக்குல வராதுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க.

மூணு தடவ சொல்லியும் தப்பாவே சொல்றாங்க, என்ன பண்றது?

அதே வார்த்தையில இன்னும் சத்தமா சொல்லாதீங்க. முதல் தடவை பேசினீங்கன்னா அடுத்த தடவை எழுதியோ வரைஞ்சோ காட்டுங்க, அதுக்கு அடுத்து செய்ய வைங்க. அப்பவும் வரலைன்னா வேற காரணம் தேடுங்க. காது கேக்கலையா, கண்ணாடி வீட்டுல இருக்கா, ராத்திரி தூங்கலையா, ரத்தத்துல சோடியம் கொறஞ்சு குழப்பத்துல இருக்காரா. நேத்து நல்லா பேசினவரு இன்னைக்கு திடீர்னு சம்பந்தம் இல்லாம பேசினா அது டீச் பேக் விஷயமே இல்ல, உடனே டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது. நினைவு உண்மையாவே கொறைஞ்சவங்கன்னா, வீட்டுல மாத்திரை எடுத்து குடுக்கப் போறது யாருன்னு கேட்டு அவங்களுக்கு முழுசா மறுபடி பண்ணணும்.

நான் கேக்கறப்போ எல்லாம் மகனே பதில் சொல்லிடறாரு.

அவரு அக்கறையிலதான் சொல்றாரு, தடுக்காதீங்க. "தம்பி, நீங்க ஆபீஸ் போனப்புறம் பகல்ல அம்மா தனியாத்தான இருப்பாங்க, அதனால இதை அம்மா வாயால கேட்டுக்கறேன், அப்புறம் உங்களுக்கு தனியா ஒரு கேள்வி வச்சிருக்கேன்"னு சொன்னா ஒதுங்கிடுவாரு. அந்த தனி கேள்வி இதா இருக்கட்டும்: "ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா மூச்சு வாங்கி எழுந்து உக்காந்துட்டாங்க, படுக்கவே முடியல, பேச முடியாம தவிக்கறாங்க. என்ன பண்ணுவீங்க?" "காலையில கூட்டிட்டு வருவேன்"னு சொன்னா திருத்துங்க, உடனே 108, நிமிர்த்தி உக்கார வச்சு கால தொங்கப்போடணும், காலை வரைக்கும் காத்திருக்கவே கூடாது. நெஞ்சு வலி, மயக்கம், இளஞ்சிவப்பா நுரையோட சளின்னாலும் இதேதான். வார்டு நம்பருக்கு போன் பண்றது எது, 108 கூப்பிடறது எதுங்கறதை அவரு பிரிச்சு சொல்லணும்.

வார்டுல 30 பேஷன்ட், ரெண்டு சிஸ்டர். இதுக்கு நேரம் எங்க?

தனியா நேரம் ஒதுக்கினா கிடைக்காது, ஏற்கனவே செய்யற வேலைக்குள்ள வைங்க. காலையில வார்டுல எடை பாக்கறோம்ல, அப்ப பேஷன்ட்டையே எண்ணை படிச்சு, நேத்தைய எண்ணோட ஒப்பிட்டு சொல்ல வைங்க. நாலு நாள் அப்படி செஞ்சவருக்கு வீட்டுல சொல்லித்தர ஒண்ணும் மிச்சம் இருக்காது. மாத்திரை குடுக்கும்போது "இதுல தண்ணி மாத்திரை எது"ன்னு எடுத்து காட்டச் சொல்லுங்க. சாப்பாடு தட்டு வரும்போது உப்பு. நேரம் உண்மையாவே இல்லாத நாள்ல ஒரே ஒரு கேள்வி மட்டும் போதும்னா அது எந்த எண்ணுல போன் பண்ணுவீங்கங்கறதுதான்.

ஃபைல்ல என்ன எழுதணும்? "ஹெல்த் எஜுகேஷன் கிவன்"னு எழுதினா போதுமா?

அதை வச்சு அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரால எதுவும் செய்ய முடியாது. பேஷன்ட் சொன்னதையே எழுதுங்க: "எடை: சூழ்நிலைக் கேள்விக்கு முதல்ல வெள்ளி வரை பாக்கலாம்னாரு, செவப்பு எண் எழுதிக் காட்டினதும் சரியா சொன்னாரு. மனைவி போன்ல சொல்ல வேண்டியதை சொல்லிக் காட்டினாங்க. தண்ணி மாத்திரை: பயண நாள்ல விட்டுடுவேன்னாரு, நாளைக்கு மறுபடி கேக்கணும்." அடுத்து வர்றவங்க அந்த கடைசி வரியில இருந்து ஆரம்பிப்பாங்க.

வீட்டுக்குப் போன ரெண்டு மூணு நாள்ல ஒரு போன் பண்ணுங்க, அதையும் டீச் பேக் மாதிரியே. "எப்படி இருக்கீங்க"ன்னா "நல்லா இருக்கேன்"னுதான் வரும், அதனால "நோட்டை எடுத்துட்டு வந்து இந்த மூணு நாள் எண்ணையும் படிங்க, செவப்பு எண் என்ன எழுதியிருக்கு"ன்னு கேளுங்க. நோட்டு எங்க இருக்குன்னு தேடறாங்கன்னா எழுதலைன்னு புரிஞ்சுக்கலாம், அப்ப அந்த போன்லயே மெஷின் மேல ஏறி நிக்க வச்சு ஒரு எண்ணை எழுத வச்சிடுங்க, காலை எண் இல்லன்னும் பக்கத்துல குறிச்சுக்கச் சொல்லுங்க. முதல் ஓபி ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள இருக்கணும், எந்த தேதி, எந்த ரூம், நோட்டையும் மாத்திரை பையையும் யாரு எடுத்துட்டு வரப் போறாங்கன்னு கேட்டுட்டு போனை வைங்க.